என் விரலைப் பிடித்திருப்பவள்

படத்தில் தெரிகிற கறுத்த விரல் என்னுடையது. அதைப் பிடித்திருப்பவள் என் பேத்தி. வியாழக்கிழமை விடியற்காலை 4.20க்குப் பிறந்தாள். எடை 2 கிலோ 750 கிராம். தாயும் பிள்ளையும் நலம். முகம் தெரிகிற படம் இப்போதைக்கு வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் பிள்ளை, அவள் சொல்வதுதான் சரி. எனக்கு இந்தக் கையே போதும்.

"தாத்தா, கையைக் கழுவிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நர்ஸம்மா அவளை என்னிடம் நீட்டினார். பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிட்டு எழுந்து இடம் கொடுத்தது உண்டு. அன்றைக்குத்தான் அது எனக்கே எனக்கான பெயராகக் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இது. ரிட்டயர் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளங்கையில் காய்ப்பு போகவில்லை. அது அவள் மேல் உரசிவிடுமோ என்று பயந்து துணியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். அவள் நகம் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக இருந்தது. மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையில் பேனாவால் என் மகள் பெயரை எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்தபோதுதான் தொண்டை அடைத்தது.

1996 பொங்கல் சமயத்தில் என் மகள் பிறந்தாள். நான் தேனியிலிருந்து சென்னைக்கு ஸ்பெஷல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு வராத காலம். பாரிமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கினதும், டைம் கீப்பர் எட்டிப் பார்த்து, "ஊர்லருந்து போன் வந்துச்சுய்யா, பொம்பளப் பிள்ளையாம்" என்றார். அதற்கு மேலும் நடை பாக்கி இருந்தது. ஊர் வந்து பார்த்தது மூன்றாம் நாள். அதற்குள் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நெற்றியில் மை வைத்து, வீட்டுப் பிள்ளையாகவே ஆகியிருந்தாள். பிறந்து ஒரு மணி நேரப் பிள்ளையாக என் மகள் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இவளைக் கையில் வாங்கின பிறகுதான் அது உறைத்தது.

மகளிடம் சொன்னேன். அசதியில் கண்ணை மூடியிருந்தவள், "அதான் இப்பப் பாக்குறீங்களேப்பா" என்றாள்.

சம்பந்தியம்மா, "அண்ணே, சேனை நீங்களே வைங்க" என்று சொன்னார்கள். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நர்ஸம்மா விடவில்லை. சீனித் தண்ணி, தேன் எதுவும் நாக்கில் தடவக் கூடாது, சீம்பால்தான் முதல், ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு அது மனசுக்கு நிறைவாகவே இருந்தது. யாருடைய குணமாவது வருமென்றால், ராத்திரி முழுக்க வலியைத் தாங்கின அவள் அம்மா குணம் வரட்டும். இல்லை, அந்த ராத்திரி பூரா மகள் இடுப்பை நீவிவிட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரி குணம் வரட்டும்.

எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு பை கற்கண்டு வாங்கி வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பொண்ணு, ஒட்டன்சத்திரம் பக்கம். அவள் பிள்ளை குறைமாசம், இன்குபேட்டரில் இருந்தது. அந்தப் பொண்ணு சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பிள்ளையைத் தூக்கிவந்து அம்மாவின் மாரோடு சேர்த்து வைத்தார்கள். அவள் மாமியார்தான் முதலில் என் கையைப் பிடித்து அழுதார். அதற்குப் பிறகுதான் பையைப் பிரித்தோம். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பை. பார்க்கிறவர்கள் அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். என் மகளுக்குத் தூளி கட்டிய அதே கொக்கிதான். துரு ஏறியிருந்தது, உப்புத்தாளால் தேய்த்து, என் எடையைப் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். வீட்டுக்காரியின் பழைய சுங்குடிச் சேலை, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனது.

ராத்திரி முழித்திருப்பது எனக்குப் பழகினதுதான். அதனால் பால் கொடுத்த பிறகு அவர்கள் இரண்டு பேரையும் தூங்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது மணி இரண்டே கால். போனில் வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி, திருப்பிக் கூப்பிட முடியாததற்கு மன்னிக்கவும்.

தூளி நெளிகிறது. போகிறேன்.