நிரோஷிக்கு: வழக்காடுவதா, கம்பனிக்குப் போவதா?

திருகோணமலை

அன்பின் நிரோஷிக்கு,

நீ அனுப்பிய, கம்பனிச் சட்டப் பிரிவில் வேலை தரும் கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், ஆறு மாதம் தகுதிகாண் காலம், அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அப்பா போன் எடுத்து "பிள்ளையை உங்களோடயே வைச்சிருங்கோ" என்றார். நீ கேட்டது அதுவல்ல, எது உனக்குச் சரி என்று கேட்டிருக்கிறாய். உனக்குத்தான் எழுதுகிறேன், அவருக்கு இல்லை.

முதலில் காசுக் கதை, ஏனென்றால் அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் பேசுவது ஏமாற்று. என்னோடு ஜூனியராக வந்தால் நான் தருவது போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் மேலே. பெரும்பாலான சீனியர்மாரிடமும் அவ்வளவுதான். வழக்குக்காரர் உன்னையே நியமித்து உன் பெயரில் புரொக்சி வரத் தொடங்கி, ஒரு வழக்குக்காரர் இன்னொருவரைக் கூட்டிவந்து, அந்தக் காசை நம்பி மாதத்தைத் திட்டமிடலாம் என்ற நிலைக்கு வர மூன்று நான்கு வருடமாவது போகும். நொத்தாரிசு வேலையும் எடுத்துக்கொண்டால் உறுதி எழுதும் காசு கை கொடுக்கும், இங்கே பலர் அதில்தான் ஓடுகிறார்கள். ஆனால் தம்பியின் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் உன் கையால்தான் போகவேண்டும் என்றால், யோசிக்காமல் கம்பனிக்குப் போ. வீட்டைப் பட்டினி போட்டு நீதிமன்றத்துக்கு வருவதில் ஒரு வீரமும் இல்லை. இதை அப்பாவிடம் வெளிப்படையாகக் கேள், சுற்றி வளைக்காதே. அவர் சமாளிக்கலாம் என்று சொன்னால் மட்டும் கீழே உள்ளதை வாசி.

உன் மின்னஞ்சலில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு எழும்பி நின்று பேசப் பயம், அதனால் கம்பனி நல்லது போல" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காரணத்துக்காக மட்டும் போகாதே. நீதவான் முன்னால் முதல் பிணை விண்ணப்பத்தில் எல்லோருக்கும் வாய் உலரும். தவணைகளுக்குத் திரும்பத் திரும்ப எழும்பி நின்றால் அந்த நடுக்கம் போய்விடும். குரல் பெரிதாக இருப்பவன்தான் நல்ல வழக்கறிஞன் என்று யார் சொன்னது தெரியவில்லை. குறுக்கு விசாரணையில் வெல்பவர் அநேகமாக முதல்நாள் இரவு கோப்பை ஒழுங்காக வாசித்தவர்தான், அது உனக்கு வரும். பயிலுநராக இருந்தபோது அந்தக் கிண்ணியாக் காணி உறுதியின் அட்டவணையில் வடக்கு எல்லையும் கிழக்கு எல்லையும் மாறிக் கிடந்ததை நீதானே கண்டுபிடித்தாய், எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் அதே குணம் கம்பனியிலும் தேவை, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே நம்மிடம் வருபவருடைய கதை முடிந்துபோன கதை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாயிற்று, வேலி நகர்ந்தாயிற்று, நாம் செய்யக்கூடியது அதற்குப் பிறகுதான். கம்பனிச் சட்டப் பிரிவில் இருப்பவருக்கு, விஷயம் நடப்பதற்கு முன்னாலேயே ஒரு வார்த்தையை மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. வேலையாளை நிறுத்துகிறோம் என்று முகாமையாளர் சொல்லும்போது, 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்று நடவடிக்கை தவிர மற்றப்படி, அந்த வேலையாளின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்ல ஒருவர் வேண்டும். 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம், 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வங்கி ஒப்பந்தங்கள், குத்தகைகள், எல்லாம் உன் மேசைக்கு வரும். நல்ல வேலைதான். நான் ஏளனம் செய்யவில்லை.

எனக்குள்ள ஒரே உறுத்தல், அங்கே உன் கட்சிக்காரர் ஒருவர்தான், அவர்தான் சம்பளமும் தருகிறார். வேண்டாம் என்று நீ எழுதிக்கொடுத்தும் அவர்கள் செய்யலாம். செய்தால் பிறகு அதைக் காப்பாற்றும் வேலையும் உனக்கு வரும். வழக்காகிவிட்டாலோ வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, கோப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நீ பின்வரிசையில் இருந்து குறிப்பெடுப்பாய். அந்தப் பின்வரிசை உன்னை எரிச்சல்படுத்துமா என்று யோசித்துப் பார். எரிச்சல் வரும் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

மொழியையும் யோசி. இங்கே நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் தமிழில் வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்லும் மூதூர்க் கிழவியின் பேச்சில் எந்த வார்த்தை பயத்தில் வந்தது, எது சொல்லிக்கொடுத்துச் சொன்னது என்று உன் காதுக்குத் தெரியும். கொழும்பில் ஒப்பந்தம் ஆங்கிலத்தில், கன்டீன் பேச்சு சிங்களத்தில். இரண்டையும் நீ சமாளிப்பாய், ஆனால் அந்தக் காது அங்கே சும்மா கிடக்கும்.

வேலை இங்கே இல்லையா என்று பயப்படாதே. காணி இருக்கும்வரை இந்த மாவட்டத்தில் வழக்கு இருக்கும். சம்பூர்ப் பக்கம் 2006இல் சனம் இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் திரும்ப முடியாமல் இருந்தது உனக்கே தெரியும். வெளியில் இருந்தவரின் காணியை வேறொருவர் பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டு இப்போது தன்னுடையது என்கிறார். போரால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் எடுக்காமல் விட 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அது தெரியாமலே எத்தனை குடும்பம் வீட்டில் இருந்தது! அப்புறம் காணி யார் கையில் என்ற சண்டையில் வரும் இந்த 66ஆம் பிரிவு வழக்குகள். பொலிஸ் கொண்டுவந்து போடும், நீதவான் பார்ப்பது வழக்குப் போட்ட அன்று யார் கையில் காணி இருந்தது, அல்லது அதற்கு முந்தின இரண்டு மாதத்துக்குள் யாரைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள் என்பதை மட்டும். உரித்து யாருக்கு என்பது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இதைக் கட்சிக்காரருக்கு விளங்கப்படுத்துவதே பாதி வேலை, "நாங்க வென்றுட்டோம்தானே" என்று உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால்: வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் மூன்று வருடம் இங்கே நின்று வழக்காடு, பிறகு வேண்டுமென்றால் கம்பனிக்குப் போ. நீதிமன்றத்தில் ஒரு ஒப்பந்தம் எப்படி உடைந்தது என்று பார்த்தவர் எழுதும் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கும், அதைக் கம்பனிக்காரர்களும் மதிப்பார்கள். முப்பத்தைந்து வயதில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஜூனியராக இருந்து தவணை கேட்கத் தொடங்குவது அவ்வளவு லேசில்லை. நான் கட்சி சார்ந்து பேசுகிறேன் என்று நினைக்கலாம். எனக்கு உன்னைப் போல ஒரு ஆள் தேவைதான், அதை மறைக்கவில்லை.

கம்பனி என்று முடிவெடுத்தால் கையெழுத்து வைக்க முன் இதைக் கேள்: சட்டப் பிரிவில் உனக்கு மேலே இருப்பவர் வழக்காடி வந்தவரா, விட்டுப் போகும்போது முன்னறிவித்தல் எத்தனை மாதம், உன் ஆலோசனையை எழுத்தில் கொடுக்கலாமா. மூன்றாவதுக்குச் சிரித்து மழுப்பினால் எனக்கு அழை.

ஞாயிறு காலை கோயில் முடிந்து பத்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, கடிதத்தையும் கொண்டு வா, கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் போட்டித் தடைப் பந்தி எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்புடன்,
இராசநாயகம் மாமா