கூடி யோசித்தால் யோசனைகள் குறைகின்றன: பலர் ஏற்காத ஒரு கருத்து

1/8
பிரெயின்ஸ்டார்மிங் கூட்டம் யோசனைகளைப் பெருக்குவதில்லை, குறைக்கிறது. இது பலருக்கு உவப்பான கருத்து அல்ல என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களை நடத்தி வருவதால், இதில் பாதிக் குறை என்மீது நானே சொல்லிக்கொள்வது.

2/8
இம்முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். யோசனை வரும்போதே அதைக் குறை சொல்லக் கூடாது, விசித்திரமானதையும் வரவேற்க வேண்டும், முதலில் எண்ணிக்கையே முக்கியம், பிறர் சொன்னதன்மேல் கட்டி எழுப்பலாம் என்று அவர் வகுத்த விதிகள் எனக்கும் உடன்பாடானவையே. ஆனால் சராசரி மனிதர் தனியே யோசிப்பதைப் போல் இரு மடங்கு யோசனைகளைக் குழுவில் தருவார் என்று 1950களில் வெளியான நூலில் அவர் கூறியதைத்தான் ஏற்க இயலவில்லை.

3/8
அக்கூற்றை 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். நான்கு பேர் கூடி யோசித்த குழுக்கள் ஒருபுறம்; தனித்தனியே யோசித்த நான்கு பேரின் பட்டியல்களை ஒன்றாக்கி, திரும்ப வந்தவற்றை ஒரு முறை மட்டும் எண்ணிய கணக்கு மறுபுறம். தனியே யோசித்தவர்களின் கூட்டுக் கணக்குதான் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இரு மடங்கு என்ற ஆஸ்போர்னின் எண் சரிதான், பக்கம்தான் மாறிவிட்டது.

4/8
இதற்குக் காரணம் கூச்சம் என்றே நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோப் ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற மெத்தனம் ஆகியவற்றைக் காட்டிலும், தம் முறை வரும்வரை காத்திருப்பதே பெரிய தடையாக இருந்தது. பங்கேற்றவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, வேறொருவர் பேசும்போது பேசக் கூடாது என்பதை விளக்கு வழியாக மட்டும் உணர்த்தியபோதும் அவர்களின் யோசனைகள் குறைந்தன. எதிரே முகம் சுளிக்க ஒருவரும் இல்லை, காத்திருப்பு மட்டுமே இருந்தது என்பதால், இதை இத்துறையின் மிக அழகான சோதனைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

5/8
கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் ஒரு மணி நேரம் அமர்ந்தால், சமமாகப் பகிர்ந்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது 10 நிமிடம். எஞ்சிய 50 நிமிடமும் அவர் தம் யோசனையை மறந்துவிடாமல் மனத்தில் பிடித்திருக்க வேண்டும், அல்லது பேசுபவரைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யும்போது புதிதாக யோசிக்க இடமே இருப்பதில்லை. சமமான பகிர்வு என்பதும் பெரும்பாலும் நடவாத ஒன்று.

6/8
முதலில் பேசுபவர் பாதையை வகுத்துவிடுகிறார் என்பது மற்றொன்று. அவர் மேலாளராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

7/8
"ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொறியாக அமையாதா?" என்று கேட்பவர்களின் வாதத்தை மதிக்கிறேன்; அது உண்மையும்கூட. ஆனால் அப்பொறிக்குக் காது அவசியமில்லை, கண்ணே போதும். ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் 1968இல் முன்வைத்த 6-3-5 முறையில், ஆறு பேர் ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு மூன்று யோசனைகளைத் தாளில் எழுதி அடுத்தவரிடம் தருகிறார்கள். அவர் அவற்றைப் படித்து, அவற்றின்மேல் தம்முடைய மூன்றைச் சேர்க்கிறார். ஆறு சுற்று முடிந்தால், அரை மணி நேரத்தில் அதிகபட்சம் 108 பதிவுகள். ஒருவரும் காத்திருப்பதில்லை, பிறர் யோசனையின் பயனும் இழக்கப்படுவதில்லை.

8/8
கூட்டமே வேண்டாம் என்பதல்ல என் நிலைப்பாடு. எதைத் தேர்வது, எது நடைமுறைக்கு ஒவ்வாது, யார் பொறுப்பேற்பது என்பவற்றுக்கு நேருக்கு நேரான பேச்சு தேவை. தாம் பங்கெடுத்த முடிவை மக்கள் கூடுதல் மனத்துடன் நிறைவேற்றுவதையும் கண்டிருக்கிறேன். எனவே எங்கள் குழுவில் முதலில் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம். எல்லாத் தாள்களையும் சுவரில் ஒட்டிப் படித்த பிறகே வாய் திறக்கிறோம். பழைய கூட்டங்களின் சிரிப்பும் சளசளப்பும் குறைந்துவிட்டன என்பது உண்மையான இழப்பு, அதை மறைக்க மாட்டேன். எழுதி வரும்படி முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் வெறுங்கையுடன் வந்தார்கள். ஆகையால் எழுதுவதற்கான 10 நிமிடத்தை இப்போது கூட்டத்துக்குள்ளேயே, தொடக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.