ஆண்டிறுதித் தொழில்சார் மீளாய்வு 2025: கணிதம், தரம் 9 மற்றும் 10

அதிபர் அவர்களுக்கும் கணிதப் பாட இணைப்பாளருக்கும்,

இந்த ஆண்டு ஆசிரியையாக நான் எதில் வளர்ந்தேன் என்று கேட்டால் ஒரே விடயத்தைத்தான் சொல்வேன். பிள்ளை பிழையாக எழுதிய விடையைப் பிழை என்று வெட்டிவிட்டுப் போகாமல், அந்த விடை எந்த யோசனையிலிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கப் பழகினேன். வகுப்பில் நான் செய்த மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன. அதனால் இந்த மீளாய்வின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

தொடக்கம் 9பி வகுப்பில். முதலாம் தவணையில் அட்சரகணிதம் ஆரம்பிக்கும் முன், திசைகொண்ட எண்களில் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க அரைத்தாளில் நான்கு கணக்குகள் கொடுத்தேன். அதில் ஒன்று −3 − 5. வகுப்பில் இருந்த 38 பேரில் 21 பேர் 8 என்று எழுதியிருந்தார்கள். முன்பென்றால் "கவனயீனம்" என்று கொப்பியில் எழுதிவிட்டு, தரம் 7 பாடத்தை ஒருமுறை மீட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். இந்த முறை இடைவேளையில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லச் சொன்னேன். ஒருவன் கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்: "மிஸ், சயவும் சயவும் வந்தா சக தானே? அப்ப மூன்றும் ஐந்தும் எட்டு."

அவனிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. பெருக்கலுக்கான விதியைக் கூட்டலிலும் கழித்தலிலும் ஒழுங்காக, நம்பிக்கையோடு பாவித்திருக்கிறான். "சயவும் சயவும் சக" என்ற வாய்ப்பாடு எந்தச் செய்கைக்கு உரியது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு பிள்ளைக்கு அதே விதியை இன்னும் சத்தமாகச் சொன்னால் என்ன பயன்? ஏற்கெனவே அதை மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

அடுத்த இரண்டு பாடவேளைகளை எண்கோட்டுக்கே கொடுத்தேன். வகுப்புக்கு வெளியே தாழ்வாரத் தரையில் சுண்ணக்கட்டியால் −10 முதல் 10 வரை கீறினோம். −3 இல் நின்று 5 கழிக்கச் சொன்னபோது, 8 என்று எழுதிய பிள்ளைகளே இடப்பக்கம் நடந்து −8 இல் போய் நின்றார்கள். கால் சரியாகப் போன இடத்துக்குக் கை போகவில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துப் பேசத் தொடங்கினார்கள். வாய்ப்பாட்டை நான் தடை செய்யவில்லை. "இது பெருக்கலா, நகர்வா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் சேர்த்தேன். இரண்டாம் தவணை முடிவில் அதே வகைக் கணக்கை எண்களை மாற்றிக் கொடுத்தபோது, 38 பேரில் 31 பேர் சரியாகச் செய்தார்கள். இரண்டு தாள்களும் பிள்ளையின் பெயர் வாரியாக என் கோப்பில் உள்ளன.

மீதி ஏழு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நால்வர் அடிக்கடி வராத பிள்ளைகள். மற்ற மூவருக்குக் கழித்தலே இன்னும் உறுதியாகவில்லை, திசைகொண்ட எண்கள் அவர்களுக்கு இரண்டாவது பிரச்சினைதான். இந்த வேறுபாடு தெரிந்ததே எனக்குப் பெரிய விடயம். மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் ஏழு பேரும் ஒரே வரிசையில் "பலவீனமானவர்கள்" ஆகியிருப்பார்கள்.

இதன் பிறகு பாடம் முடியும்போது அரைத்தாளில் ஒரே ஒரு கணக்கு என்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் அதற்குத் "துண்டுத்தாள்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். புள்ளி இடுவதில்லை. ஓய்வு அறையில் மூன்று அடுக்காகப் பிரிப்பேன்: விளங்கியவர்கள், ஒரு படியில் தடுக்கியவர்கள், வேறு யோசனையில் போனவர்கள். மறுநாள் பாடத்தின் முதல் பத்து நிமிடம் மூன்றாவது அடுக்கிலிருந்து வரும். −2(x − 3) என்பதை −2x − 6 என்று விரித்தவர்கள், 2x + 3 ஐ 5x என்று சுருக்கியவர்கள், அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்றவர்கள் என்று இந்த ஆண்டு சேர்ந்த யோசனைகளை ஒரு கொப்பியில் அலகு வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். என் சான்றுகளில் நான் அதிகம் மதிப்பது இந்தக் கொப்பியைத்தான். அடுத்த ஆண்டு தரம் 9 யார் எடுத்தாலும் அவர்களுக்குக் கொடுக்கத் தயார்.

வகுப்பறைப் பேச்சிலும் மாற்றம் உண்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில் இதைப் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் என் வகுப்பில் அளந்து பார்த்தது இந்த ஆண்டுதான். விஞ்ஞானம் கற்பிக்கும் சக ஆசிரியை பின்வரிசையில் உட்கார்ந்து கைபேசிக் கடிகாரத்தால் குறித்தார். அவரது முதல் குறிப்பில், ஒரு பாடவேளையில் விடை சொன்னவர்கள் பெரும்பாலும் முன்வரிசையின் அதே ஆறு பேர். இரண்டாம் தவணைக் குறிப்பில் பதினேழு பேர் பேசியிருக்கிறார்கள். அமைதியாக நிற்பது எனக்கு இன்னும் இலகுவாக வரவில்லை. விடையை நானே சொல்லிவிடும் அவசரம் வரும்போது பலகையின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவரது இரண்டு குறிப்புகளையும் அவர் கையொப்பத்துடன் இணைத்துள்ளேன்.

பிற சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பாடக்குறிப்புக் கொப்பி, உள்ளக மேற்பார்வை அறிக்கைகள், வலய மட்டக் கணிதச் செயலமர்வில் பங்குபற்றிய பதிவு, திருத்திய மாதிரிக் கொப்பிகள் ஆறு. பார்க்க விரும்புபவர்களுக்காக அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

அப்புறம், சரிவராதவை.

தரம் 10 இல் இதே வேகத்தைக் கொண்டுவர முடியவில்லை. இரண்டாம் தவணை நடுவில் ஒரு கணித ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. பதிலாள் வரும்வரை அவருடைய பாடவேளைகள் எங்களுக்குள் பகிரப்பட்டன. ஓய்வுப் பாடவேளைகள் போனதும் தரம் 10 துண்டுத்தாள்களைப் பிரிக்க நேரம் இல்லாமல் போனது. வாங்கி வைத்துப் பார்க்காமல் இருப்பதைவிட வாங்காமல் விடுவது மேல் என்று நிறுத்தினேன். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஈருறுப்புக் கோவைகளிலும் காரணிகளிலும் அந்த வகுப்பு எங்கே தடுக்குகிறது என்ற தெளிவான படம் என்னிடம் இல்லை. 9பி பற்றிப் பேசுவதுபோல் 10ஏ பற்றி என்னால் பேச முடியாது.

பாடத்திட்ட வேகம் இன்னொரு சிக்கல். எண்கோட்டுக்குக் கொடுத்த நேரம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும். இரண்டாம் தவணை முடிவில் 9பி மற்ற இரு பிரிவுகளையும்விட ஓர் அலகு பின்தங்கியிருந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் இதைக் கேட்டார்: "மற்ற வகுப்பில முடிச்சிட்டாங்க மிஸ், ரியூஷன்லயும் முடிச்சிட்டாங்க." அவருடைய கவலை நியாயமானது. மகனின் இரு தாள்களையும் அவர் முன் வைத்துக் காட்டினேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன், ஆனால் நீண்ட நேரம் அந்தத் தாள்களைப் பார்த்தார்.

மூன்றாம் தவணையில்தான் பின்தங்கியதை ஈடுசெய்யத் திட்டமிட்டிருந்தேன். நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. களனி கங்கை பெருகியதில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் இருந்து வரும் எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. டிசம்பர் நடுப்பகுதியில் திரும்பத் திறந்தபோது 9பியில் ஐந்து பிள்ளைகளிடம் கொப்பி என்று எதுவும் இல்லை. ஒரு சிறுமி காய்ந்து சுருண்ட கணிதப் பாடநூலைக் கொண்டுவந்து, "இன்னும் வாசிக்கலாம் மிஸ்" என்றாள். என் வகுப்புகளுக்கு மூன்றாம் தவணைப் பரீட்சை நடக்கவில்லை. ஆகவே ஆண்டு முழுவதுக்குமான ஒப்பீட்டுப் புள்ளிகள் இந்த மீளாய்வில் இல்லை. மேலே தந்தவை இரண்டாம் தவணை வரையானவை. அந்தக் கடைசி நாட்களில் நான் புதிய பாடம் எதுவும் எடுக்கவில்லை. இருந்தவர்களின் கொப்பிகளிலிருந்து இல்லாதவர்களுக்குக் குறிப்புகளைப் பிரதி எடுத்தோம். பிள்ளைகள் அதைத் தாங்களாகவே பங்குபோட்டுச் செய்தார்கள். எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது, இருந்தும் எழுதி வைக்க விரும்புகிறேன்.

2026இல் செய்ய நினைப்பவை

முதலாவது இன்றைய 10ஏ. அவர்களோடு நானும் தரம் 11க்குப் போகிறேன். சாதாரண தரக் கணிதத்தில் முதலாம் வினாத்தாளின் பகுதி அ 25 குறுவினாக்களைக் கொண்டது. கடந்தகால வினாத்தாளை மொத்தமாகக் கொடுத்து மொத்தமாகத் திருத்துவதற்குப் பதிலாக, அந்தக் குறுவினாக்களை அலகு வாரியாகப் பிரித்து வாரம் ஒருமுறை துண்டுத்தாளாகப் பாவிப்பேன். எந்தப் பிள்ளைக்கு எந்த அலகு என்ற அட்டவணை முதலாம் தவணை முடிவுக்குள் தயாராக இருக்கும். எல்லா வகுப்புக்கும் தினமும் என்று இனி வாக்குக் கொடுக்கமாட்டேன். ஒரு வகுப்புக்கு வாரம் ஒன்று, ஆனால் ஒவ்வொன்றையும் மறுநாளுக்குள் பிரித்திருப்பேன்.

இரண்டாவது வசனக் கணக்குகள். சமன்பாடு தீர்க்கத் தெரிந்த பிள்ளைகளே வசனத்திலிருந்து சமன்பாட்டை எழுதத் திணறுவதை இந்த ஆண்டு கண்டேன், ஆனால் தொடவில்லை. கணக்கைச் செய்யாமல், வாசித்துத் தன் சொல்லில் திரும்பச் சொல்வதற்கு மட்டும் சில பாடவேளைகளை ஒதுக்க விரும்புகிறேன். இதற்குத் தமிழ் ஆசிரியரின் உதவியைக் கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார்.

மூன்றாவது என் கையில் மட்டும் இல்லாதது. திசைகொண்ட எண்களைத் தரம் 7 இலும் 8 இலும் எந்தச் சொற்களால் அறிமுகப்படுத்துகிறோம் என்று கணித ஆசிரியர்கள் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். தரம் 9க்கு வரும்போது அந்த வாய்ப்பாடு வேரூன்றிவிடுகிறது, பிறகு பிடுங்குவது கஷ்டம். இதற்காக அதிபரிடம் ஒரு வேண்டுகோள்: புதிய நேரசூசி போடும்போது கணித ஆசிரியர்கள் அனைவருக்கும் வாரத்தில் ஒரு பொதுவான ஓய்வுப் பாடவேளை கிடைக்கும்படி பார்க்க வேண்டும். முதல் கூட்டத்துக்கு என் யோசனைக் கொப்பியைக் கொண்டுவருவேன்.

வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஜனவரியில் முதல் இரண்டு வாரமும் பாடசாலை முடிந்தபின் அரைமணி நேரம் வைத்திருக்கச் சம்மதம் கேட்கிறேன். பெயர்ப்பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துள்ளேன். அவர்களுக்கு இன்னும் சில பாடநூல்கள் தேவைப்படுகின்றன. எத்தனை என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

கணித ஆசிரியை, தரம் 9, 10
கொழும்பு, டிசம்பர் 2025