சாவி ஒப்படைப்பும் வீடு பார்வையிடலும்: டிசம்பர் 14, ஞாயிறு

அனுப்புநர்
சு. மங்கையர்க்கரசி,
தலைமையாசிரியை (ஓய்வு),
தஞ்சாவூர்.

பெறுநர்
திரு. த. செந்தில்குமார்,
கதவு எண் 14, தெற்கு வீதி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.

நாள்: 24.11.2025

பொருள்: வாடகை வீட்டைக் காலி செய்தல் – சாவி ஒப்படைக்கும் நாள், வீட்டைச் சேர்ந்து பார்வையிடும் நேரம், அட்வான்ஸ் கணக்கு.

பார்வை: வீட்டைக் காலி செய்வதாக நீங்கள் 12.11.2025 அன்று கொடுத்த கடிதம்.

அன்புள்ள தம்பி செந்தில்குமாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புதுக்கோட்டைக்கு மாற்றல் என்று அனிதா போனில் சொன்னபோதே தெரியும் என்றாலும், எழுத்தில் கொடுத்தது நல்லது. ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ் டிசம்பர் 12ஆம் தேதியோடு முடிகிறது. மார்கழி பிறக்கும் முன் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும், வார இறுதி வரை இருந்துகொள்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். அதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆகவே 14.12.2025, ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை 28 அன்று காலை 10 மணிக்குச் சாவியை என்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டையும் அப்போதே சேர்ந்து பார்த்துவிடுவோம். 12 மணிக்கு எமகண்டம் தொடங்குமுன் கையெழுத்து வரை முடிந்துவிடும்.

நான் தஞ்சாவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். என் தம்பியும் கூட வருவார். உங்கள் பக்கம் நீங்களும் இன்னொருவரும் இருந்தால் போதும். அம்மாவை அன்றைக்கு அலைக்கழிக்க வேண்டாம், முன்னதாகவே புதுக்கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நாள் ஒத்துவராவிட்டால் முந்தைய நாள் சனிக்கிழமை காலை அதே நேரம் வரத் தயார், ஆனால் டிசம்பர் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். 14ஐத் தாண்டித் தள்ளிப்போட முடியாது. தையில் என் அண்ணன் மகள் குடும்பம் அந்த வீட்டுக்கு வருகிறது. பொங்கலுக்குள் வெள்ளையடித்து முடிக்க வேண்டும். மழை விடுகிற நாலு நாளைப் பார்த்துத்தான் வெள்ளையடிக்கிறவரைப் பிடிக்க முடியும், நீங்களே அறிவீர்கள்.

ஒப்படைக்கும்போது வீடு முழுவதும் காலியாக இருக்க வேண்டும். கட்டிலைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன், பீரோ கொல்லையில் இருக்கட்டும் என்பதெல்லாம் வேண்டாம். லாரி சனிக்கிழமையே வந்துவிடும்படி பார்த்துக்கொண்டால் ஞாயிறு நிதானமாக இருக்கும். இன்னொன்று: சாமான் ஏறியதும் உடனே வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெருக்குவது, கழுவுவது எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். லாரி போனபின் கிடக்கிற குப்பையை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். வாசல் கதவின் பழைய இரும்புச் சாவி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு மாற்று இல்லை. அப்பா காலத்துப் பூட்டு. சாவியின் பல்லில் ஒன்று லேசாக வளைந்திருக்கும், திருப்பும்போது கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் நாக்கு உள்ளே போகும். அந்தச் சாவியை எந்தக் காரணம் கொண்டும் லாரிக்காரர் கையிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அதோடு ரேழிக் கதவுக்கு இரண்டு, கொல்லைக் கதவுக்கு இரண்டு, மோட்டார் அறைக்கு ஒன்று, மச்சுக்குப் போகும் மரப்படிக் கதவுக்கு ஒன்று என்று 2022 ஜூன் 12ஆம் தேதி நீங்கள் கையெழுத்திட்டு வாங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆக மொத்தம் ஏழு. வேலைக்கு வருகிற அம்மாளுக்காகவோ பால்காரருக்காகவோ இடையில் மாற்றுச் சாவி செய்திருந்தால் அதுவும் சேர்ந்து வர வேண்டும். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பூட்டையே மாற்றும்படி ஆகும், அந்தச் செலவு அட்வான்ஸில் பிடிக்கப்படும். இரும்புச் சாவிக்கு மட்டும் இந்தப் பேச்சே எழக் கூடாது.

பார்வையிடலைக் கொல்லையிலிருந்து தொடங்கி வாசலில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களை என் தம்பி பிரிண்ட் போட்டுக் கொண்டுவருவார். உங்கள் செல்போனிலும் அவை இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்தால் யாருக்கும் மனஸ்தாபம் வராது.

எதையெல்லாம் நான் உங்கள் கணக்கில் எழுத மாட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்வது வீட்டின் பிறவிக் குணம். குடமுருட்டிப் பக்கத்து மண்ணின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும், என் அம்மா காலத்திலேயே அப்படித்தான். வெள்ளை மங்கியது, சிவப்புச் சிமெண்டுத் தரையில் பளபளப்புப் போனது, வாசல் கதவு மழையில் ஊதிப்போய் உரசுவது, குரங்கு புரட்டிய ஓடு, அதனால் தாழ்வாரத்தில் ஒழுகிய கறை எல்லாம் என் பொறுப்பு. வெள்ளையடிப்பும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்டும், குழாய் வயரிங் மாற்றுவதும் வீட்டுக்காரர் வேலை என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. ஆணி அடித்த ஓட்டைகளுக்காக யாரும் சண்டை போடப் போவதில்லை. காலண்டர் மாட்டாமல் யார் வீட்டில் இருக்கிறார்கள்?

அதே அட்டவணைதான் குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை ரிப்பேர்களைக் குடியிருப்பவர் பக்கம் வைக்கிறது. எனக்குத் தெரிந்தவரை அப்படி மூன்று இருக்கின்றன. பின்கட்டு ஜன்னலில் இரண்டு கண்ணாடி உடைந்திருக்கிறது. குளியலறைக் குழாய் விடாமல் சொட்டுகிறது என்று தீபாவளிக்கு வந்தபோதே பார்த்தேன். முற்றத்துத் தூம்பு வாயில் இலையும் மண்ணும் சேர்ந்து, மழைத் தண்ணீர் வடிய அரை நாள் ஆகிறது. இந்த மூன்றையும் 14ஆம் தேதிக்குள் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டால் உங்களுக்குச் செலவு குறையும். நான் செய்தால் கொத்தனார், பிளம்பர் பில்லை அப்படியே காட்டி, அந்தத் தொகையை மட்டும் பிடிப்பேன்.

தூம்பைக் குத்தும்போது கம்பியை ஓங்கி இடிக்கச் சொல்லாதீர்கள். உள்ளே போவது பழைய சுட்ட மண் குழாய், உடைந்தால் முற்றத்தையே தோண்ட வேண்டிவரும். மூங்கில் கழியால் கிளறிவிட்டு இரண்டு குடம் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினால் போதும்.

ஏசிக்காகப் படுக்கை அறைச் சுவரில் போட்ட துளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டுத்தான் போட்டீர்கள், போகும்போது மூடித் தருவதாகவும் பேச்சு. ஏசியைக் கழற்றுகிறவர் கையோடு கொஞ்சம் சிமெண்ட் குழைத்து அடைத்துவிட்டுப் போவார், அதற்கு மட்டும் விடாதீர்கள். அது சுண்ணாம்புச் சுவர். அதன்மேல் சிமெண்ட் ஒட்டாது, ஒட்டினாலும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்துச் சுற்றியிருக்கிற பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் பேசிவிட்டேன், 800 ரூபாய் கேட்கிறார். துளையை அப்படியே விட்டுவிடுங்கள், எலியும் பாம்பும் நுழையாமல் துணி வைத்து அடைத்தால் போதும்.

இனிப் பணக்கணக்கு. அட்வான்ஸ் 24,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. இப்போதைய வாடகை 9,300. நவம்பர் வரை பாக்கி இல்லை, மூன்றரை வருஷத்தில் ஒரு மாதம்கூட உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. டிசம்பரில் 14 நாளுக்கு, நாளைக்கு 300 வீதம் 4,200 ரூபாய். அதைத் தனியாக அனுப்ப வேண்டாம், அட்வான்ஸிலேயே கழித்துக்கொள்கிறேன். கொத்தனார் கூலி 800 போக 19,000 ரூபாய் நிற்கும். அதில் 15,000ஐ அன்றைக்கே, கையெழுத்தானதும், உங்கள் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடுவேன். மீதி 4,000ஐ நிறுத்திவைப்பது கரண்ட் பில்லுக்காகவும், பார்வையிடும்போது ஏதாவது தென்பட்டால் அதற்காகவும்தான்.

மின்கணக்கெடுப்பு எங்களுக்கு ஒற்றைப்படை மாதம். நவம்பர் முதல் வாரம் எடுத்தாயிற்று, அடுத்தது ஜனவரியில்தான். அதனால் 14ஆம் தேதி மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணை இருவரும் பார்த்து, போட்டோ எடுத்து, தாளிலும் எழுதிக்கொள்வோம். ஜனவரி பில் வந்ததும் அந்த எண் வரைக்கும் உள்ள யூனிட் உங்களுடையது, அதற்குமேல் ஓடியது என்னுடையது. இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வரும் 100 யூனிட் இலவசத்தை முழுக்க உங்கள் பக்கமே எழுதிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் எனக்கு என்ன பெரிதாக ஓடிவிடப் போகிறது? வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். நான் ஜனவரி 10ஆம் தேதிக்குள் மீதியையும் அனுப்பி, பில் நகலையும் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடுவேன்.

சாவி 14ஆம் தேதி கைக்கு வராவிட்டால், வருகிற நாள் வரைக்கும் அதே 300 ரூபாய் வீதம் வாடகை ஓடும். சாமான் போய்விட்டது, ஆள் இல்லை என்பது கணக்கில் வராது. சாவி வந்த நாள்தான் காலி செய்த நாள்.

காஸ் இணைப்பை மாற்றவும் கேபிள்காரர் பாக்கியைத் தீர்க்கவும் மறக்க வேண்டாம். ரேஷன் கார்டு, ஆதார் முகவரியையும் அங்கே போனதும் மாற்றிவிடுங்கள். அதுவரை இங்கே வருகிற தபாலைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொல்லைத் தென்னை இரண்டிலும் காய் முற்றியிருக்கிறது, மரமேறி சனிக்கிழமை வருவார். ஒரு சாக்கு உங்களுக்கு, லாரியில் இடம் விட்டுவையுங்கள். அம்மாவுக்குக் கொல்லைக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போக ஆசை என்று அனிதா சொன்னாள். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், பெரிய மரத்தின் வேரை மட்டும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தின் இரண்டு பிரதிகளை அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன், நாளும் நேரமும் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள். மாற்றம் ஏதாவது இருந்தால் அதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், போனில் மட்டும் சொல்லி விட்டுவிட வேண்டாம். 14ஆம் தேதி ஏழு சாவி, மீட்டர் எண், அறைகளின் நிலை, கொடுத்த தொகை நான்கையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம். தாளையும் கார்பனையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,

சு. மங்கையர்க்கரசி
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: 12.06.2022 தேதியிட்ட சாவி, சாமான் பட்டியலின் நகல் – 1