புட்டுக்கு மண் சுமந்த கதை: பேத்திக்கு அப்பத்தா எழுதிய கடிதம்

உ

மதுரை,
ஆவணி 5

அன்புள்ள பேத்தி மீனாவுக்கு அப்பத்தா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்கு இருந்த சளி விட்டுவிட்டது. உன் சுகத்துக்கு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது உன்னோடு தங்கியிருக்கிற பெண் நம் சாமி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாளே, தலையில் கூடையோடு நிற்கிற கூலிக்காரன் யார், பின்னால் ராஜா ஏன் பிரம்பை ஓங்குகிறார், அடி வாங்குகிறவனையா கும்பிடுகிறீர்கள் என்று. நீ "அது ஒரு பெரிய கதை" என்று சமாளித்தாய். அதற்குள் நெட் கட்டாகிவிட்டது. நியாயமான கேள்வி தாயி. ஆவணி மூலம் வேறு வருகிறது. போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கதை வாதவூரரிடமிருந்து தொடங்குகிறது. மேலூர்ப் பக்கம் இருக்கிற திருவாதவூர்தான் அவர் ஊர். நாம் மாணிக்கவாசகர் என்று சொல்கிறோமே, அவர்தான். அரிமர்த்தன பாண்டியனுக்கு மந்திரி. கீழைக் கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன, வாங்கி வா என்று ராஜா கஜானாவைத் திறந்து பணம் கொடுத்து அனுப்பினார். போகிற வழியில் திருப்பெருந்துறையில் ஒரு குருந்த மரத்தடியில் குருவாக உட்கார்ந்திருந்த சிவனைப் பார்த்தார் வாதவூரர். அவ்வளவுதான், குதிரை மறந்துபோனது. கொண்டுபோன பணம் முழுக்கக் கோயில் திருப்பணிக்குப் போய்விட்டது. அந்த ஊரைத்தான் இப்போது ஆவுடையார்கோயில் என்கிறோம். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கூட்டிப்போனோம். கருவறையில் லிங்கமே இல்லாமல் ஆவுடை மட்டும் இருக்கும், "சாமி எங்கே போச்சு?" என்று சத்தமாகக் கேட்டாயே, அந்தக் கோயில்.

ராஜா விடுவாரா? குதிரை எங்கே என்று ஓலை வந்தது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று சொல்லச் சொன்னார் சாமி. சொன்னபடி அன்றைக்கு வந்தன. சாமியே குதிரைச் சேவகனாக முன்னால் வர, கொட்டாரம் நிறையக் குதிரை. ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எல்லாம் காட்டு நரிகள். ராத்திரி ஆனதும் பழையபடி நரியாகி, லாயத்தில் கட்டியிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிட்டன. நரியைப் பரியாக்கின கதை என்பது இதுதான். விடிந்ததும் வாதவூரரை இழுத்துக்கொண்டு போய் வைகை ஆற்றின் சுடுமணலில் நிற்க வைத்தார்கள்.

இந்த மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். எனக்கு இனிமேல் வருகிற பகுதிதான் முக்கியம்.

வைகையில் வெள்ளம் வந்தது. ஆவணியில் வைகையில் அப்படி வெள்ளம் எங்கே வரும் என்று உங்க தாத்தா இருந்தபோது கேட்பார். அவர் எதற்கும் கணக்குப் பார்த்தவர். மழையால் வந்த வெள்ளம் இல்லை அது, வாதவூரரை வாட்டுகிறார்கள் என்று சாமி வரவழைத்தது. கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று தண்டோரா போட்டாயிற்று. கரையை அளந்து இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கும் பிரித்துவிட்டார்கள்.

ஊரில் வந்தி என்று ஒரு கிழவி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. புட்டு அவித்து விற்று வயிற்றைக் கழுவுகிறவள். அவளுக்கும் ஒரு பங்கு எழுதிவிட்டார்கள்! இந்தக் கிழவி எப்படி மண் சுமப்பாள் என்று ஒரு கணக்குப்பிள்ளைக்காவது தோன்றியதா பார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பென்ஷனுக்கு நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதித் தருவதற்காக என்னை மாடிப்படி ஏறவிடுகிறார்களே, அந்தக் கணக்குப்பிள்ளைகளின் வம்சம்தான்.

வந்தி அழுது புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "கூலிக்கு ஆள் வேணுமா, கூலிக்கு ஆள் வேணுமா" என்று தெருவில் ஒரு குரல். இடுப்பில் அழுக்குத் துணி, தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, தோளில் மண்வெட்டி. வாலிபப் பிள்ளை. "என் பங்கை அடைத்துக் கொடுப்பாயா அப்பா? கொடுக்க என்னிடம் காசு இல்லையே, புட்டுதான் இருக்கிறது" என்றாள். "அது போதும், ஆனால் பசிக்கிறது, முதலில் கொடு" என்றான். எங்கள் வீட்டில் சொல்கிறபடி, உதிர்ந்த புட்டு மட்டும் எனக்கு, உதிராதது உனக்கு என்று பேசிக்கொண்டார்களாம். அன்றைக்குப் பார்த்து அவள் அவித்த புட்டு அத்தனையும் உதிர்ந்து உதிர்ந்து விழுகிறது! அத்தனையும் அவன் துணியில் போய்விட்டது. கிழவிக்கு அதில் வருத்தமே இல்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டானே என்று பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

கரைக்குப் போனவன் வேலை செய்தானா என்றால், அதுதான் இல்லை. ஒரு கூடை மண் வெட்டுவான், கனம் என்று பாதியைக் கொட்டிவிடுவான். கூடையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுவிட்டு அதைப் பிடிக்கக் குதிப்பான். மற்றவர்களோடு வாயாடுவான், பாடுவான், ஆடுவான். மடியில் இருக்கிற புட்டை எடுத்துத் தின்பான். அப்புறம் மரத்தடியில் கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டான். எல்லாருடைய பங்கும் அடைபட்டுவிட்டது, வந்தியின் பங்கு மட்டும் ஆவென்று திறந்து கிடக்கிறது. மேஸ்திரி போய் ராஜாவிடம் சொல்ல, ராஜா நேரில் வந்து பிரம்பை வாங்கி முதுகில் ஒன்று வைத்தார்.

அந்த அடி ராஜா முதுகிலும் விழுந்தது. ராணி முதுகிலும் விழுந்தது. மந்திரி, கணக்குப்பிள்ளை, மேஸ்திரி, கரையில் நின்ற குதிரை, யானை, சூரியன், சந்திரன், தாய் வயிற்றில் இருந்த பிள்ளை வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லை. அடிபட்டவன் கையில் இருந்த ஒரு கூடை மண்ணைத் தட்டினான், உடைப்பு மூடிக்கொண்டது. ஆளையும் காணோம். அப்போதுதான் ராஜாவுக்கு விளங்கியது, வாதவூரர் யார், இவன் யார் என்று. வந்தியை அழைத்துப்போகச் சிவலோகத்திலிருந்து விமானம் வந்தது. இது பின்னால் வந்தவர்கள் கட்டினது மட்டும் இல்லை தாயி. மண் சுமந்து, கூலி வாங்கி, ராஜாவிடம் அடிபட்ட சாமியை மாணிக்கவாசகரே திருவாசகத்தில் திருவம்மானையில் பாடியிருக்கிறார். பரஞ்சோதி முனிவர் அறுபத்து நான்கு திருவிளையாடலில் ஒன்றாக விரிவாகப் பாடினார்.

உன் சிநேகிதி கட்டாயம் கேட்பாள், சாமி ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று. உங்க தாத்தா இருந்திருந்தால், உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கினவன் உதிரி வேலைதான் செய்வான் என்று சிரித்திருப்பார். எனக்குத் தோன்றுவது வேறு. அவன் ஒழுங்காக மண் சுமந்திருந்தால் ராஜா அந்தப் பக்கம் வந்தே இருக்கமாட்டார். வரவேண்டும், பிரம்பைத் தூக்கவேண்டும், அது அவர் முதுகிலேயே இறங்கவேண்டும். அதற்குத்தான் அவ்வளவு சேட்டையும்.

இன்னொன்று. சாமி நினைத்திருந்தால் வந்தியின் பங்கை இருந்த இடத்திலிருந்தே அடைத்திருக்கலாம். பொற்காசு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கூலிக்கு ஆளாக வந்தான், அவளால் கொடுக்க முடிந்த கூலியைக் கேட்டு வாங்கினான். கடைசி வரைக்கும் அந்தக் கிழவி யாரிடமும் இனாம் வாங்கவில்லை, கொடுத்தவளாகவே இருந்தாள். உங்க தாத்தா போன பிறகு நான் இட்லி மாவு அரைத்து விற்ற காலத்தில் உதவி செய்கிறேன் என்று வந்தவர்கள் உண்டு. மாவை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தவர்கள் முகம்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது கோயிலில் ஆவணி மூல உற்சவம். கருங்குருவிக்கு உபதேசம், நாரைக்கு மோட்சம், வளையல் விற்றது, நரி பரி என்று நாளுக்கு ஒரு லீலை. புட்டுத் திருவிழா அன்று மீனாட்சியும் சொக்கரும் புறப்பட்டு ஆரப்பாளையம் பக்கம் இருக்கிற புட்டுத்தோப்புக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பெரிய கோயில் நடை சாத்தித்தான் இருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருவார், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார். முழங்கால் வலி என்று உங்கப்பா போகவேண்டாம் என்கிறான். ஆட்டோவில் போய் ஓர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வந்திக்காக வயசானவர்கள் போகாமல் யார் போவது?

நீயும் அன்றைக்குப் புட்டு செய். உன் ஊரில் இலங்கைத் தமிழர் கடை இருக்கிறது என்றாயே, அங்கே வறுத்த அரிசி மாவு கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசிறு. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கட்டி இருந்தால் சல்லடையில் தேய்த்துவிடு. ஈரத்துணியில் போட்டு ஆவியில் வேகவை. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார், உருட்டினால் கெட்டியாக உருள வேண்டும். இளம்பாகில் போட்டால் களியாகிவிடும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது. தேங்காய்ப்பூ, ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி சேர்த்துக் கிளறி மூடி வை. முந்திரி இங்கிருந்து அனுப்புகிறேன், அங்கே விலை அதிகம் என்று வாங்காமல் இருந்துவிடாதே.

அந்தப் பெண்ணுக்கும் கொடு. பார்சலில் இரண்டு பேருக்கும் சேர்த்து முறுக்கு வைத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் போன் போடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அப்பத்தா