தொட்டிக்குள் ஒரு வயல்: பள்ளி அறிவியல் கண்காட்சி அறிக்கை

மன்னார்குடி, 28.02.2025

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் குறித்த தம் விளைவை 1928 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் கண்டறிந்ததன் நினைவாகக் கொண்டாடப்படும் தேசிய அறிவியல் நாளையொட்டி, நம் பள்ளி வளாகத்தில் இன்று அறிவியல் கண்காட்சி நடைபெற்றது. காலை 10 மணிக்குத் தலைமையாசிரியர் முன்னிலையில், பணி நிறைவு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் கண்காட்சியைத் திறந்து வைத்தார். ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 34 படைப்புகளை வைத்திருந்தனர். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டதால் பன்னிரண்டாம் வகுப்பினர் பார்வையாளர்களாக மட்டும் வந்து சென்றனர்.

பார்வையாளர்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவர் அமைத்திருந்த நெல்வயல் மாதிரியாகும். வயலிலிருந்தே அள்ளி வந்த களிமண்ணை ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி, அதில் நாற்றுகளை நட்டு, நடுவே 30 செ.மீ. நீளமுள்ள பி.வி.சி. குழாய் ஒன்றைப் பாதியளவு புதைத்திருந்தனர். மண்ணுக்குள் இருக்கும் பாதியில் சுற்றிலும் துளைகள் இடப்பட்டு, உள்ளிருந்த மண் அகற்றப்பட்டிருந்ததால், மண்ணுக்கடியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் குழாய்க்குள் குனிந்து பார்த்தே அறிய முடிந்தது. வயலில் நீர் வற்றியதும் மடையைத் திறக்காமல், குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 செ.மீ. வரை இறங்கிய பின்னரே 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டினால் போதும் என்றும், வேளாண் துறையினர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ எனக் குறிப்பிடும் இம்முறையால் நீர் மிச்சமாவதுடன், எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவும் குறைகிறது என்றும் அவர்கள் விளக்கினர்.

பேரனைப் பார்க்க வந்திருந்த முதிய விவசாயி ஒருவர் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி பாப்பா, கதிர் வர்ற நேரத்துல இப்படிக் காயப் போட்டா பதராப் போயிடாதா?” என்று வினவினார். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலில் நீர் நிற்க வேண்டும் என்று மாணவி ஒருவர் தயங்காமல் விடையளித்தபோது, அவர் தலையசைத்துவிட்டுக் குழாயின் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். மேட்டூர் அணை திறப்பை எதிர்பார்த்தே குறுவைக்கு நாள் குறிக்கும் நம் பகுதியில், ஒரு குழாயைச் சுற்றி இவ்வளவு கூட்டம் நின்றதில் வியப்பில்லை.

சம்பா அறுவடைக் காலத்துக்குப் பொருத்தமாக, பத்தாம் வகுப்பு மாணவர்கள் நெல்லின் ஈரப்பதத்தைக் கணக்கிட்டுக் காட்டினர். சாலையோரத்தில் காயவைத்திருந்த நெல்லில் 100 கிராம் எடுத்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை ஆய்வக மின்னடுப்பில் உலர்த்தியபோது 81 கிராம் மிஞ்சியது. அதாவது, ஈரப்பதம் 19 விழுக்காடு. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பொதுவாக 17 விழுக்காடே வரம்பு என்பதால், அந்த 2 விழுக்காடு ஒரு குடும்பத்தை மூட்டைகளுடன் காத்திருக்க வைக்கிறது. அதே நெல்லை மேலும் ஒரு நாள் வெயிலில் காயவைத்துச் சோதித்தபோது ஈரப்பதம் 15 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

கடலோரக் கிணற்று நீரில் இரு கம்பிகளை அமிழ்த்திச் சிறு விளக்கை எரியவிட்டு, உப்பு மிகுந்த நீரில் அயனிகள் மின்சாரத்தைக் கடத்துவதைக் காட்டிய படைப்பும் நன்று. ஆனால், அதன் விளக்க அட்டையின் எழுத்து மிகச் சிறியதாக இருந்ததால் பலரும் கவனிக்காமல் கடந்து சென்றனர். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலைகள் இவ்வாண்டும் நான்கு இருந்தன. அவற்றைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை.

ஆற்று மணலில் பாறைகள் புதையப் புதைய மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் பிணைத்த கல்லணையின் கட்டுமான முறையை, எட்டாம் வகுப்பினர் ஆர்வத்துடன் செய்து காட்டினர். நண்பகலில் அவர்களுடைய தட்டின் மூலை விரிசல்விட்டு, நீர் பக்கத்து மேசைக்குப் பாய்ந்து இரண்டு வரைபடங்களை நனைத்தது. அணை அசையவில்லை, தட்டுதான் உடைந்தது என்று அவர்கள் கூறியதை நடுவர்கள் சிரிப்புடன் ஏற்றுக்கொண்டனர்.

மாலை 4 மணிக்கு நடைபெற்ற நிறைவு விழாவில் முதல் பரிசு ஈரப்பதச் சோதனைக்கும், இரண்டாம் பரிசு நெல்வயல் மாதிரிக்கும், ஊக்கப் பரிசு கல்லணை மாதிரிக்கும் வழங்கப்பட்டன. கேள்விகளை எதிர்கொண்ட விதத்தை வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு பரிசுகளும் இடம் மாறியிருக்கலாம் என்பது செய்தியாளரின் கருத்து. அறிவியல் ஆசிரியர் நன்றி கூறினார். துளையிட்ட குழாயைப் பெற்றோர் இருவர் தங்கள் வயலில் நட்டுப் பார்க்கக் கேட்டதால், வரும் குறுவைக்குள் மேலும் சில குழாய்களைச் செய்து தர அம்மாணவியர் ஒப்புக்கொண்டுள்ளனர்.

— மாணவச் செய்தியாளர், பதினொன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவு