சொல்லின் முன்னும் பின்னும்: முன்னொட்டு, பின்னொட்டுப் பயிற்சித்தாள்

ஒன்பதாம் வகுப்பு – தமிழ் – திருப்புதல் வாரம்

முதலில் இந்த மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுப் படியுங்கள்.

முல்லைக்கொடி பந்தலில் வளர்கிறது.
கொடியின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது.
நன்கு வளர்ந்த கொடியில் மொட்டுகள் விட்டிருக்கின்றன.

மூன்றிலும் பகுதி ‘வளர்’தான். முதல் வாக்கியத்தில் அது பயனிலையாக நின்று வாக்கியத்தை முடித்துவைக்கிறது. இரண்டாவதில் ‘சி’ என்னும் விகுதி ஏறியதும் எழுவாயாகிவிட்டது. அதாவது பெயர்ச்சொல். மூன்றாவதில் ‘கொடி’ என்ற பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சம். சொல்லின் வால் மாறியதால் வாக்கியத்தில் அதன் வேலையும் மாறியது. ஒரு சொல் பெயரா வினையா என்று கேட்டால், பாதிச் சொல்லைப் பார்த்துவிட்டு விடை எழுதாதீர்கள். கடைசி எழுத்துவரை பாருங்கள். பிறகு அது வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பயிற்சி 1

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வினைப்பகுதியைப் பெயராக்கி, வாக்கியத்தை முழுவதுமாக எழுதுங்கள்.

1. பாட்டிக்கு (மற) கூடிக்கொண்டே போகிறது.
2. அந்தக் (கேள்) யாருக்கும் புரியவில்லை.
3. மாமாவின் (வா) வீட்டையே கலகலப்பாக்கியது.
4. குழந்தையின் (அழு) இன்னும் நிற்கவில்லை.
5. தக்காளி விலையின் (வீழ்) உழவர்களைப் பாதித்தது.
6. அவளுடைய (சிரி) அறை முழுவதும் கேட்டது.

எழுதி முடித்ததும் ஆறு விடைகளின் விகுதிகளையும் வரிசையாகப் பாருங்கள். ‘எந்த வினைக்கு எந்த விகுதி என்று எப்படித் தெரிந்துகொள்வது?’ என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எழும். இதற்கு ஒரே சூத்திரம் கிடையாது. ‘அழுகை’ உண்டு, ‘அழுப்பு’ இல்லை. ‘சிரிப்பு’ உண்டு, ‘சிரிகை’ இல்லை. ஒவ்வொரு வினையும் தனக்கான விகுதியைப் பல நூற்றாண்டுப் பழக்கத்தில் தேர்ந்துகொண்டுவிட்டது. உங்கள் காதுக்கு அது ஏற்கெனவே தெரியும். அந்தக் காதை நம்புங்கள். தல், அல் என்னும் விகுதிகள் மட்டும் ஏறக்குறைய எல்லா வினைகளோடும் சேரும்: மறத்தல், கேட்டல், வருதல், அழுதல், சிரித்தல்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ‘தல்’ போட்டு எழுதிவிடலாமே? கூடாது. ‘நட’ என்ற பகுதியைக் கவனியுங்கள். நடத்தல் என்பது நடக்கும் செயல். நடை என்பது நடக்கும் விதம். எழுதும் விதத்துக்கும் அதுதான் பெயர். நடப்பு என்பது உலகில் நிகழ்வது. நடத்தை என்பது ஒருவர் நடந்துகொள்ளும் ஒழுங்கு. பகுதி ஒன்று, விகுதிகள் வேறு, பொருளும் வேறு வேறு. தமிழில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பயிற்சி 2

நடத்தல், நடை, நடப்பு, நடத்தை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் வாக்கியம் கெட வேண்டும். கெடவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றை நினைவில் வையுங்கள். விகுதியே சேராமல் பெயராகும் வினைகளும் உண்டு. கெடு – கேடு, சுடு – சூடு, பெறு – பேறு. முதலெழுத்து நீண்டாலே போதும். இவை முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். தேர்வில் இவற்றுக்கு விகுதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பயிற்சி 3

அடைப்புக்குறிக்குள் உள்ள பெயரோடு ‘ஆன’ அல்லது ‘ஆக’ சேர்த்து எழுதுங்கள். பெயரடையா வினையடையா என்றும் குறிப்பிடுங்கள்.

1. நேற்று மழை (பலம்) பெய்தது.
2. (பலம்) காற்றில் வேப்பங்கிளை முறிந்தது.
3. தலைவர் (சுருக்கம்) பேசினார். அந்தச் (சுருக்கம்) பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது.
4. அக்கா (செவிலியர்) பணிபுரிகிறார்.

நான்காவதில் சற்று நில்லுங்கள். ‘எப்படிப் பணிபுரிகிறார்?’ என்று கேட்டால் அந்தச் சொல் விடையாகிறதா?

பயிற்சி 4

இனி முன்னொட்டுகள். கீழுள்ள இணைகளில் இரண்டு சொற்களும் ஒரே வகையா, வேறு வகையா என்று எழுதுங்கள்.

நீதி – அநீதி. நம்பிக்கை – அவநம்பிக்கை. தேர்வு – மறுதேர்வு. சாலை – நெடுஞ்சாலை. ஏறு – முன்னேறு. ஏறு – வெளியேறு.

ஒரு குறிப்பு: தமிழில் எதிர்மறையைக் காட்ட முன்னொட்டை நாடியே ஆக வேண்டும் என்பதில்லை. அ, அவ போன்றவை பெரும்பாலும் வடசொற்களோடு வந்தவை. தமிழ் தன் மறுப்பைச் சொல்லின் பின்பகுதியில் வைக்கும்: அறியாமை, அழியாத, பயனற்ற, ஓயாமல். இந்த நான்கும் நான்கு வகையில் நிற்கின்றன என்பதையும் பாருங்கள்.

பயிற்சி 5

பிரித்து எழுதுங்கள். இதில் அவசரப்பட்டால் தவறுவீர்கள்.

அமைதி, அநீதி, அந்நீதி, மறுப்பு, மறுபதிப்பு, முன்னேற்றம், நன்னடத்தை.

பயிற்சி 6

‘பயன்’ என்ற சொல்லிலிருந்து எத்தனை சொற்களைக் கட்ட முடியுமோ அத்தனையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த வகை என்று அருகில் குறியுங்கள். விடைத்தாளில் இருப்பதைவிட நீங்கள் அதிகமாக எழுதினால் மகிழ்வேன்.

விடைகள்

பயிற்சி 1: மறதி, கேள்வி, வருகை, அழுகை, வீழ்ச்சி, சிரிப்பு. மூன்றாவதற்கு ‘வரவு’ என்று எழுதினாலும் சரியே. விகுதிகள்: தி, வி, கை, கை, சி, பு.

பயிற்சி 2: மாதிரிக்கு நான்கு. தினமும் நடத்தல் உடலுக்கு நல்லது. தாத்தாவின் நடை தளர்ந்துவிட்டது. நாட்டு நடப்பை அறிய நாளிதழ் படிக்கிறோம். அவனது நடத்தையில் யாரும் குறை சொன்னதில்லை.

பயிற்சி 3: பலமாக (வினையடை), பலமான (பெயரடை), சுருக்கமாக (வினையடை), சுருக்கமான (பெயரடை), செவிலியராக. கடைசிச் சொல் வேலை செய்யும் விதத்தைக் காட்டவில்லை. எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. ‘ஆக’ என்று முடிவதெல்லாம் விதத்தைச் சொல்வதில்லை. ‘தம்பிக்காக’ என்பதில் வரும் ‘ஆக’வையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பயிற்சி 4: ஆறு இணைகளிலும் வகை மாறவில்லை. முதல் நான்கும் பெயர் – பெயர். கடைசி இரண்டும் வினை – வினை. முன்னொட்டு பொருளைத் திருப்பும், பெருக்கும், திசை காட்டும். சொல்லின் வகையைப் பெரும்பாலும் தொடாது. குறிப்பில் உள்ள நான்கு: அறியாமை பெயர், அழியாத பெயரெச்சம், பயனற்ற பெயரடை, ஓயாமல் வினையெச்சம்.

பயிற்சி 5: அமைதி = அமை + தி. ‘அ’ என்று தொடங்குவதால் முன்னொட்டு என்று எண்ணினால் ‘மைதி’ என்று பொருளற்ற துண்டு மிஞ்சும். அதுவே உங்களுக்கு எச்சரிக்கை. அநீதி = அ + நீதி, நீதியின்மை. அந்நீதி = அ + நீதி, அந்த நீதி. இரண்டையும் பிரித்தால் ஒன்றுபோல் தெரியும். சுட்டெழுத்தான ‘அ’ வரும்போது அடுத்த மெய் இரட்டிக்கும். எதிர்மறை ‘அ’ வரும்போது இரட்டிக்காது. ஓர் ஒற்றெழுத்தைத் தவறவிட்டால் நீதி அநீதியாகிவிடும். மறுப்பு = மறு + ப் + பு; இங்கே ‘மறு’ என்பதே வினைப்பகுதி. மறுபதிப்பு = மறு + பதிப்பு; இங்கே ‘மறு’ முன்னொட்டு. முன்னேற்றம் = முன் + ஏறு + அம்; முன்னொட்டு சேர்ந்தபின்னும் வினையாகவே இருந்த ‘முன்னேறு’, ‘அம்’ சேர்ந்த பிறகுதான் பெயரானது. நன்னடத்தை = நல் + நடத்தை.

பயிற்சி 6: பயனுள்ள, பயனற்ற (பெயரடை), பயனின்றி (வினையடை), பயன்படு, பயன்படுத்து (வினை), பயன்பாடு, பயனாளி, பயனாளர், பயனின்மை (பெயர்). ‘பயன்படு’ என்பதில் உள்ள ‘படு’ தனியே நிற்கக்கூடிய வினை என்பதால் அதை விகுதி என்று எழுதாதீர்கள். பெயரை வினையாக்க வந்த துணைச்சொல் என்று எழுதினால் முழு மதிப்பெண் உண்டு.